அப்பா அங்க நிக்கிறார்

கேள்வி: டீச்சர், வணக்கம். சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்த வச்சு சிறுகதை ஒண்ணு எழுதிருக்கேன். அஞ்சாம் வகுப்பு படிக்கிற செல்வி, புதுசா வந்து சேர்ற தர்ஷினிகிட்ட "அகதின்னா என்ன?"ன்னு கேக்குறா. அவ இலங்கையில நடந்ததெல்லாம் சொல்றா, செல்வி அழுதுடுறா, அதோட கதை முடியுது. படிச்ச ரெண்டு பேருமே பாடப்புத்தகம் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாங்க. எங்க தப்பு பண்ணேன்? எந்த வருஷம் நடக்குதுன்னு நான் எழுதல, அது அவசியமா?

பதில்:

தம்பி, உங்க கடைசிக் கேள்வியிலருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா மத்த எல்லாம் அதுலதான் இருக்கு. வருஷம் அவசியம், கதையில எழுத வேணாம், ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். இலங்கையிலருந்து ஜனங்க ஒரே மூச்சுல வந்துடல. 83 ஜூலைக் கலவரத்துக்கு அப்புறம் வந்தாங்க, 90 ஜூன்ல சண்டை மறுபடி ஆரம்பிச்சப்போ வந்தாங்க, யாழ்ப்பாணம் காலியானதுக்கு அப்புறம் 96ல வந்தாங்க, 2006லருந்து கடைசி யுத்தம் வரைக்கும் வந்தாங்க. அப்புறம் 2022 மார்ச்ல பொருளாதார நெருக்கடியில படகேறி தனுஷ்கோடி மணல் திட்டுல இறங்குனாங்க, அவங்கள மண்டபம் முகாம்லயே தங்க வச்சாங்க. நடுவுல இருக்குற வருஷங்கள்ல கேம்ப்லருந்து பள்ளிக்கூடம் வர்ற பிள்ளை பெரும்பாலும் இங்கயே பொறந்தது, உங்க செல்வி மாதிரியே பேசும், வீட்டுக்குள்ள போனாதான் அதோட பேச்சு மாறும். அதனால சாத்தூர் பக்கத்து கிராமத்துல "புதுசா வந்த பிள்ளை, வேற மாதிரி பேசுற பிள்ளை"ன்னு நீங்க எழுதுனா அது எல்லா வருஷத்துக்கும் பொருந்தாது. உங்க கதைக்கு நான் 1990 செப்டம்பர் அக்டோபர வச்சுக்குவேன். 91 மே மாசத்துக்கு முன்னாடி முடிஞ்சுடணும், ராஜீவ் காந்தி கொலைக்கு அப்புறம் ஊர் ஜனங்க கேம்ப்ப பார்த்த பார்வையே மாறிப்போச்சு, அது வேற கதை, அத இதுக்குள்ள திணிச்சா பத்து வயசுப் பிள்ளை தாங்காது.

சரி, 1990ன்னு வச்சாச்சு. தர்ஷினி எங்கருந்து வந்தான்னு பார்ப்போம். மன்னார்னு வச்சுக்குங்க, அங்கருந்துதான் கடல் கிட்ட, தலைமன்னார்லருந்து தனுஷ்கோடி சுமார் முப்பது கிலோமீட்டர்தான். சண்டை வந்ததும் யாரும் நேரா படகேறிடல. மொதல்ல சொந்தக்காரங்க வீடு, அப்புறம் கோயில், பள்ளிக்கூடம். அந்த வருஷம் மடு தேவாலயத்துல ஆயிரக்கணக்கான ஜனங்க மரத்தடியில எல்லாம் தங்கிருந்தாங்க. அதுக்கும் பேரு அகதி முகாம்தான்! உங்க கதையில தப்பு நடந்த எடம் இதுதான்னு எனக்குத் தோணுது. அகதிங்கிற வார்த்தை தர்ஷினிக்கு முன்னாடியே தெரியும், ஆனா அவளுக்குத் தெரிஞ்ச அர்த்தம் வேற. "நாங்கள் மடுவில ஒரு மாசம் அகதியா இருந்தனாங்கள்"னு அவ சொல்லுவா, நாம "ஒரு மாசம் காய்ச்சல்ல கெடந்தேன்"னு சொல்ற மாதிரி. அது அவளுக்கு நடந்த ஒரு விஷயம், முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடலாம். இங்க வந்தப்புறம்தான் அது அவளோட அடையாளம் ஆகுது, அட்டையில எழுதிருக்கு, பள்ளிக்கூடத்து அட்மிஷன் ரிஜிஸ்டர்ல முகவரிங்கிற கட்டத்துல "அகதிகள் முகாம்"னு எழுதுறாங்க, ஊர்ல "அந்த அகதிப் புள்ள"ங்கிறாங்க.

அப்போ உங்க கதையில ஒரு பிள்ளைக்கு அர்த்தம் தெரியும், இன்னொண்ணுக்குத் தெரியாதுன்னு இல்ல. ஒரே வார்த்தைக்கு ரெண்டு பேர்கிட்டயும் வேற வேற அர்த்தம் இருக்கு, ரெண்டுமே பாதிதான். செல்வி கேள்வி கேட்டு தர்ஷினி பதில் சொல்ற அந்த சீன எடுத்துடுங்க. பத்து வயசுப் பிள்ளை இன்னொரு பத்து வயசுப் பிள்ளைகிட்ட யுத்தத்த விளக்கிச் சொல்றதில்ல. நான் அந்தப் பிள்ளைங்களோட பல வருஷம் வேலை பார்த்திருக்கேன், பத்திரிகைக்காரங்க வந்து கேட்டா மட்டும் ஒரு மாதிரி ஒப்பிக்கிற குரல்ல சொல்லுவாங்க, கூடப் படிக்கிற பிள்ளைகிட்ட கோலிக்குண்டு எண்ணிக்கையத்தான் பேசுவாங்க.

அகதிங்கிற சொல்ல அ, கதின்னு பிரிச்சு "போக்கிடம் இல்லாதவர்"னு வாத்தியார் போர்டுல எழுதுற சீனும் வேண்டாம். நிறைய பேர் கதையில இது வருது. அர்த்தம் சரிதான், ஆனா அந்தப் பிள்ளை வகுப்புல உக்காந்திருக்கும்போது அத எழுதுறது அது நெத்தியில எழுதுற மாதிரி. ஒரு பள்ளிக்கூடத்துல நான் வேலை பார்த்தப்போ நிஜமாவே இது நடந்துச்சு, எழுதுன வாத்தியார் நல்ல மனுஷர், சொல் விளக்கம்னு நெனச்சுதான் எழுதுனாரு, ரெண்டு பிள்ளைங்க மறுநாள்லருந்து ஒரு வாரம் வரவே இல்ல.

பின்ன எப்படி செல்விக்குத் தெரியும்? பேச்சு வழியா. பாடமா கெடைக்காது, தப்பா புரிஞ்சுக்குறதுலருந்து கெடைக்கும். மன்னார், யாழ்ப்பாணம் பக்கத்து தமிழும் நம்ம தமிழும் ஒண்ணுதான், ஆனா அங்கங்க கால் இடறும். நோட்ட அவங்க கொப்பின்னுவாங்க. தர்ஷினி மொத நாள் "என்ர கொப்பியக் காணேல்ல"ன்னு சொன்னா வகுப்பே "காப்பியா? காப்பி கேக்குறாடா!"ன்னு சிரிக்கும். ஆமாங்கிறதுக்கு "ஓம்"னா மறுபடி சிரிப்பு. இது ரெண்டும் லேசானது, ஒரு தடவ வந்தா போதும், ஒவ்வொரு வரியிலயும் இப்படி ஒரு சொல்ல வச்சீங்கன்னா அந்தப் பிள்ளை வேடிக்கைப் பொருளாயிடும். கதைக்கு உயிரா நான் எடுத்துக்குறது வேற ஒரு சொல்லு, "நிக்கிறது". அங்க ஒருத்தர் ஓரிடத்துல இருக்காருங்கிறதுக்கு "நிக்கிறார்"னு சொல்லுவாங்க. அம்மா வீட்டில நிக்கிறா, மாமா கொழும்பில நிக்கிறார். நமக்கு நிக்கிறதுன்னா கால் ஊனி நிக்கிறது மட்டும்தான். இத வச்சு ஒரு சீன் நான் எழுதிக் காட்டுறேன், அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க கையால மாத்தி எழுதுங்க.

இன்னொண்ணு, பேசுறப்போ பிள்ளைங்க கைக்கு வேலை குடுங்க. அந்தக் காலத்துல சாத்தூர் பக்கம் வீட்டுக்கு வீடு தீப்பெட்டி ஒட்டுவாங்க, செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பசைக்கிண்ணத்தோட திண்ணையில உக்காருவா, அது அவ குடும்பத்துக்குக் காசு. தர்ஷினி சும்மா வந்து பக்கத்துல உக்காருறா.

செல்வி கட்டைவிரல்ல பசைய எடுத்து காகிதத்துல இழுவுனா. தர்ஷினி அத ரெண்டு தடவ பார்த்துட்டு தானா ஒண்ணு எடுத்து மடிச்சா, மூலை கோணிக்கிச்சு.

"நீ அமுக்காதடி, மடிச்சு விட்டா அதுவா ஒட்டிக்கும்."

"ஓம்."

இன்னும் ஒண்ணு மடிச்சா. இது நேரா வந்துச்சு.

"உங்கப்பா என்ன வேலைக்குப் போறாரு?"

"அப்பா அங்க நிக்கிறார்."

"எங்க?"

"மன்னாரில."

செல்வி கை நின்னுடுச்சு. "எதுக்கு நிக்கிறாரு?"

தர்ஷினிக்கு அந்தக் கேள்வி புரியல. "படகில இடமில்லை. அடுத்ததில வாறன் எண்டவர். அங்கதான் நிக்கிறார்."

"எப்ப இருந்து?"

"ஆவணியில இருந்து."

இப்ப ஐப்பசி. செல்வி அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் தூங்கல. கடல அவ பார்த்ததில்ல, கண்மாய் மாதிரி ஆனா அக்கரை தெரியாதுன்னு சொல்லிருக்காங்க. அந்தத் தண்ணி ஓரத்துல ஒரு ஆள் ரெண்டு மாசமா உக்காராம நின்னுக்கிட்டே இருக்காரு.

இதுல யுத்தம்ங்கிற வார்த்தையே வரல பாருங்க, ஆனா அப்பா ஏன் வரலங்கிறது வந்துடுச்சு, படகுல இடம் எவ்வளவு குறுகலா இருந்துச்சுங்கிறதும் வந்துடுச்சு. செல்வி புரிஞ்சுக்கிட்டது தப்பு. தப்பா இருந்தாலும் அவ மனசு போய்ச் சேர்ந்த இடம் சரி. யாரும் உடனே அவளத் திருத்த வேண்டாம், ஆத்தா "அட கிறுக்கி, நிக்கிறாருன்னா இருக்காருன்னு அர்த்தம்"னு சொல்றத நாலு பக்கம் தள்ளி வைங்க, இல்ல வைக்காமலே விட்டுடுங்க.

தர்ஷினியோட பக்கத்துலருந்தும் ஒண்ணு வேணும், இல்லன்னா அவ செல்விக்குப் பாடம் நடத்த வந்தவளா மட்டும் இருப்பா. எனக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தச் சொல்றேன். யுத்தப் பகுதியிலருந்து வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்னா படிக்கிற எடம் மட்டும் இல்ல, செல் குண்டு விழுந்தா குடும்பத்தோட போய்ப் படுக்குற எடமும் அதுதான். எங்க வகுப்புக்கு மொத நாள் வந்த ஒரு பொண்ணு சுவத்தையும் ஜன்னலையும் சுத்திச் சுத்திப் பார்த்துட்டு, பக்கத்துல இருந்த பிள்ளைகிட்ட "இதில எட்டுக் குடும்பம் படுக்கலாம்"னு சொன்னா. அந்தப் பிள்ளை எங்கிட்ட வந்து "டீச்சர், இவங்க எல்லாம் நம்ம வகுப்புல வந்து படுக்கப் போறாங்களாம்"னு புகார் சொல்லுச்சு. நான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல, சிரிச்சுட்டு விட்டுட்டேன், அதோட அர்த்தம் எனக்கே பல மாசம் கழிச்சுதான் உறைச்சுது. தர்ஷினி மொத நாள் அஞ்சாம் வகுப்புக்குள்ள வரும்போது கணக்குப் போடுறத அவ கண்ணு வழியா வைங்க, மேப்பு மாட்டுன சுவத்துப் பக்கம் காத்து வரும், அங்க கைக்குழந்தைக்காரங்க, இந்த மாதிரி. விளக்கம் வேண்டாம்.

இப்போ கேம்ப். அந்த வருஷம் வந்தவங்கள மண்டபத்துல பதிஞ்சு, அப்புறம் பஸ்ல மாவட்டம் மாவட்டமா அனுப்புனாங்க. எங்க இடம் கெடைச்சுதோ அங்க, குடோன், புயல் காப்பகம், காலிக் கட்டடம். உங்க ஊர்ல குடோன்னு வச்சுக்குங்க, செல்விக்கு அது ஏற்கனவே தெரிஞ்ச கட்டடமா இருக்கட்டும், அவங்க அப்பா பருத்தி மூட்டை ஏத்துன எடமா இருக்கட்டும். இப்போ அதுக்குள்ள சேலையக் கட்டி அறை பிரிச்சிருக்காங்க. சேலைக்கு அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்கும். தர்ஷினி அதனாலதான் மெதுவா பேசுறா, ரகசியம் பேசுறான்னு வகுப்புல நெனைக்கிறாங்க. இந்த மாதிரி காரணமும் காரியமுமா வைங்க, "பாவம், சின்ன எடம்"னு கதைசொல்லி வாயால சொன்னீங்கன்னா படிக்கிறவங்க விலகிடுவாங்க.

கேம்ப் வாழ்க்கையில ஒரு நாள் இருக்கு, அதுதான் உங்க கதைக்கு முடிவுன்னு நான் நெனைக்கிறேன். தலையெண்ணுற நாள். அதிகாரி வந்து மேசையப் போட்டு உக்காருவாரு, ஒவ்வொரு குடும்பமா அட்டையோட வந்து நிக்கணும், அட்டையில எத்தனை பேரோ அத்தனை பேரும் நேர்ல தெரியணும், அதுக்குத் தக்கபடிதான் உதவிப் பணம். அன்னிக்கு ஒருத்தர் இல்லன்னா பதிவு போயிடுமோன்னு பயம், அதனால வேலைக்குப் போற ஆம்பளைங்க கூலிய விட்டுட்டு நிப்பாங்க, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைங்க வரமாட்டாங்க. நான் வருகைப் பதிவேட்டுல மாசா மாசம் அந்த வரிசையில வட்டம் வட்டமா ஆப்சென்ட் போட்டிருக்கேன். இத நீங்க வெளியிலருந்து யோசிச்சு எழுத முடியாது, தெரிஞ்சாதான் வரும், அதனாலதான் சொல்றேன்.

செல்வி அன்னிக்கு என்ன பண்றா? தர்ஷினி வரல, ஒட்டுன தீப்பெட்டிய எண்ணி ஏஜென்ட்டுகிட்ட குடுத்துட்டு வர்ற வழியில குடோன் பக்கம் போறா. வெயில்ல வரிசை. தர்ஷினி, அவ அம்மா, அம்மம்மா, தம்பி நாலு பேரும் நிக்கிறாங்க. "என்னடி பண்ற?"ன்னு செல்வி கேக்குறா. அவ "நிக்கிறம்"னு சொல்றா. அந்தச் சொல் இந்த எடத்துல ரெண்டு தமிழ்லயும் ஒரே அர்த்தம் ஆயிடுது. அம்மம்மாவால ரொம்ப நேரம் முடியல, உக்காரப் போறாங்க, அம்மா அவங்களத் தூக்கி நிறுத்துறாங்க, ஏன்னா மேசைக்காரர் இந்தப் பக்கம் பார்க்குற நேரம். அதிகாரிய வில்லன் ஆக்கிடாதீங்க, அவர் வேகமா முடிச்சாதான் எல்லாரும் உக்காரலாம், அவருக்கும் வேர்க்குது. அவர் அட்டையப் பார்த்து வாசிக்கிறாரு, நாலு பேர் விவரம் சரியா இருக்கு. "வீட்டுக்காரர்?"னு கேக்குறாரு. அம்மா பதில் சொல்றதுக்கு முன்னாடி செல்வி கூட்டத்துலருந்து கத்துறா, "அவரு அங்க நிக்கிறாரு சார்!"

அதுக்கப்புறம் நீங்க ஒரு வரி கூட எழுத வேண்டாம், செல்வி அழ வேண்டாம், தர்ஷினி கையப் பிடிக்க வேண்டாம். அகதின்னா என்னன்னு செல்வி கத்துக்கிட்டாளான்னு கேட்டா, கத்துக்கிட்டா, ஆனா சொல்லத் தெரியாது. பத்து வயசுல அவ்வளவுதான் முடியும்.

ஒரு சட்ட விஷயமும் கேட்டு வச்சுக்குங்க, கதையில வராது, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா தப்பான வரி எழுத மாட்டீங்க. அகதின்னு உலகம் சொல்றதுக்கு 1951ல ஒரு உடன்படிக்கை இருக்கு, இனம், மதம், அரசியல் கருத்து மாதிரி காரணத்துக்காகத் துன்புறுத்துவாங்கன்னு நியாயமா பயந்து சொந்த நாட்ட விட்டு வெளிய வந்தவங்கன்னு அது சொல்லுது. நாட்டு எல்லையத் தாண்டணும், மடுவில இருந்தப்போ தர்ஷினி குடும்பம் அந்தக் கணக்குல இடம்பெயர்ந்தவங்க மட்டும்தான். இந்தியா அதுல கையெழுத்துப் போடல. அதனால நம்ம அரசாங்கம் எடம் குடுத்துச்சு, அரிசி குடுத்துச்சு, பள்ளிக்கூடத்துல சேர்த்துச்சு, ஆனா அதெல்லாம் அப்பப்போ போடுற உத்தரவுதான், தனியா அகதிச் சட்டம்னு ஒண்ணு கெடையாது. உங்க கதையில ஹெட்மாஸ்டர் "அகதிகளுக்கு சட்டப்படி எல்லா உரிமையும் உண்டு"ன்னு பேசுற எடம் இருந்தா வெட்டிடுங்க, 1990ல எந்த ஹெட்மாஸ்டரும் அப்படிச் சொல்லிருக்க முடியாது. பேர்ப்பலகையும் பார்த்துக்குங்க, 2021 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு பேர மாத்துச்சு, உங்க கதை 1990ங்கிறதால பலகையில "அகதிகள் முகாம்"னுதான் இருக்கும், ஊர்க்காரங்க வாயில ரெண்டு காலத்துலயும் "கேம்ப்"தான்.

எழுதி முடிச்சதும் கேம்ப்ல வளர்ந்த ஒருத்தர்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. "நல்லாருக்கா?"ன்னு கேக்காதீங்க, மரியாதைக்கு நல்லாருக்குன்னு சொல்லிடுவாங்க. தர்ஷினி பேசுற வரிய மட்டும் அவங்க வாயால சத்தமா படிக்கச் சொல்லுங்க. எங்க அவங்க நாக்கு தானா வேற சொல்லுக்குப் போகுதோ அந்தச் சொல்ல பென்சில்ல குறிச்சுக்குங்க. நான் மேல எழுதுன சீன்லயும் அப்படி ரெண்டு மூணு எடம் மாறும், மன்னாருக்கும் வவுனியாவுக்குமே பேச்சு ஒண்ணா இருக்காது.